சிஸ்டம் வெட்டும் ஒரு மணி நேரம்

தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனை மில்களில் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை ஓய்வு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பார்கள். குலை ஏற்றி வரும் லோரிக்கு அந்த நோட்டீஸ் தெரியாது. காலையில் வெட்டிய குலையைப் பொறுக்கி, ஏற்றி, சிறுதோட்டக்காரர்களின் லோரிகள் மில்லுக்கு வந்து சேரவே பதினொன்றரை ஆகிவிடும். அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதால் யாரும் காத்திருக்க விரும்புவதில்லை. லோரியை எடை போடும் வேபிரிட்ஜ் அறையில் இருக்கும் கிராணி ஒரு கையில் சோறும் மறு கையில் மௌஸுமாக டிக்கெட் அடித்துக்கொண்டிருப்பார். மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவர் ஓய்வில் இருந்ததாக எழுதியிருக்கும்.

எழுதியது யார் என்று கேட்டால் ஆள் கிடையாது. "தம்பி, மத்தியானம் நான் எழுந்திரிக்கவே இல்லையே, ஓவர்டைம் ஏன் வரல?" என்று அந்தக் கிராணி அக்கா கேட்பார். "அது சிஸ்டம் தானா வெட்டிடும்க்கா, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்பார் ஆபிஸில் இருக்கும் தம்பி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தகராறு தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஓய்வு நேரத்தைக் கணக்கில் கொண்டுவர இரண்டு வழி உண்டு. ஒன்று, பதிவு செய்வது: வேலைக்கு வரும்போது, சாப்பிடப் போகும்போது, திரும்பி வரும்போது, வீட்டுக்குப் போகும்போது என்று நாளைக்கு நான்கு முறை விரல் வைக்க வேண்டும். இன்னொன்று, தானாகக் கழிப்பது: வரும்போதும் போகும்போதும் மட்டும் விரல் வைத்தால் போதும், நடுவில் ஓய்வு என்று ஒரு மணி நேரத்தைச் சம்பள மென்பொருளே எடுத்துவிடும். முதல் வழியில் கணக்கில் வருவது நடந்த ஒன்று. இரண்டாவது வழியில் வருவது நடந்திருக்க வேண்டிய ஒன்று. ஆனால் திரையில் இரண்டும் ஒரே மாதிரி எண்களாகத்தான் தெரியும்.

```
12/08  IN 07:52  OUT 17:08  BRK 1.00 AUTO  HRS 8.00
```

இந்த ஒரு வரியில் மெஷின் கண்ணால் பார்த்தது 07:52, 17:08 இரண்டு மட்டுமே. 1.00 என்பது யாரோ ஒருநாள் அமைத்து வைத்த விதி, 8.00 என்பது அந்த விதியிலிருந்து வந்த விடை. எட்டு மணிக்கு முந்திய எட்டு நிமிடத்தையும் ஐந்து மணிக்குப் பிந்திய எட்டு நிமிடத்தையும் ரவுண்ட் செய்து விட்டுவிட்டதையும் கவனியுங்கள். அது வேறு கதை.

நிர்வாகம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எப்போதும் திருட்டுத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பெரட்டு எடுத்து செக்ரோலில் பெயர் போட்ட காலத்தில் ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். யார் எப்போது சாப்பிட்டார்கள் என்பது மண்டோரின் கண்ணில் இருந்தது, காகிதத்தில் இல்லை. விரல் மெஷின் வந்தபோது அதைப் பொருத்த வந்தவர் "லன்ச் எவ்வளவு நேரம்?" என்று கேட்டிருப்பார். "ஒரு மணி நேரம்" என்று பதில் வந்திருக்கும். ஆபிஸ், வொர்க்ஷாப், வேபிரிட்ஜ், பாய்லர் எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு பதில் அன்று உள்ளே போனது. ஆபிஸில் இருப்பவர்களுக்கு அது சரிதான், பன்னிரண்டுக்கு விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். மற்றவர்களுக்குச் சரியா என்று அப்புறம் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இதில் இன்னொரு சிக்கல், கழித்தது கண்ணில் படாது. சம்பளச் சீட்டில் இபிஎஃப், சொக்சோ, முன்பணம் எல்லாம் கழித்த வரியாக இருக்கும். இந்த ஒரு மணி நேரம் அப்படி வராது. பணமாக மாறுவதற்கு முன்பே, மணிக்கணக்கிலேயே அது போய்விடுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அடிப்படைச் சம்பளம் முழுதாக வரும், குறைவது ஓவர்டைம் மட்டும். ஓவர்டைம் மாதத்துக்கு மாதம் கூடிக் குறைவதுதானே என்று அவரும் விட்டுவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவைப் பார்க்க வேண்டும். ஒருவரைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு தர வேண்டும். 30 நிமிடத்துக்குக் குறைவான இடைவெளி அந்த ஐந்து மணி நேரத் தொடர்ச்சியை முறிக்காது. அதாவது பத்து நிமிடம் டீ குடித்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடாது. நாளைக்கு எட்டு மணி நேரம், 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் செய்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு. இந்த ஓவர்டைம் உரிமை மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு உண்டு.

ஆனால் நம் விஷயத்துக்குச் சாவி அதே பிரிவின் கடைசியில் இருக்கிறது. வேலை நேரம் என்றால் தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாமல் இருக்கும் நேரம். சாப்பிட்டாரா இல்லையா என்பது இதில் கேள்வியே இல்லை. எழுந்து போக முடிந்ததா என்பதுதான் கேள்வி. வாயில் சோறு இருந்ததால் அது ஓய்வு ஆகிவிடாது.

இங்கே பலர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சட்டப்படி ஓய்வு கொடுத்தீர்களா என்பது ஒன்று. கொடுக்காமல் வேலை வாங்கிய நேரத்துக்குக் கூலி கொடுத்தீர்களா என்பது இன்னொன்று. கூலி கொடுத்துவிட்டால் ஓய்வு கொடுக்காத குற்றம் போய்விடாது. அதேபோல, "ஒரு மணி நேர ஓய்வு என்று கான்ட்ராக்டிலேயே இருக்கிறதே" என்று காட்டினால் அந்த ஓய்வு நடந்துவிட்டதாகவும் ஆகாது.

வேபிரிட்ஜ் அக்காவுக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, மாதச் சம்பளம் 2,080 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அதை 26ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 80 வெள்ளி. எட்டால் வகுத்தால் மணிக்கு 10 வெள்ளி. ஓவர்டைம் என்றால் மணிக்கு 15. திங்கள் முதல் வெள்ளி வரை எட்டிலிருந்து ஐந்து மணி, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு, ஆக எட்டு மணி நேரம். சனிக்கிழமை எட்டிலிருந்து ஒரு மணி வரை ஐந்து மணி நேரம். மொத்தம் வாரத்துக்குச் சரியாக 45.

குலை அதிகமாக வரும் ஒரு மாதத்தில் 22 வாரநாட்கள். அவற்றில் 14 நாட்களில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் அவர் டிக்கெட் அடித்திருக்கிறார். இதை அவர் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. லோரி உள்ளே வந்து ஏறிய நேரம், குலையைக் கொட்டிவிட்டு வெற்று லோரியாக மறுபடி ஏறிய நேரம் இரண்டும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் அச்சாகியிருக்கும். அவருடைய யூசர் பெயரும் இருக்கும். அந்த 14 மணி நேரத்துக்கு 210 வெள்ளி வர வேண்டும் என்பது அவர் கேட்பது.

நிர்வாகம் டிக்கெட்டுகளை அடுக்கிப் பார்க்கிறது. ஒன்பது நாட்களில் 12:05, 12:15, 12:28, 12:41, 12:55 என்று நெருக்கமாக இருக்கின்றன. அரை மணி நேர இடைவெளி எங்கும் இல்லை. இதை மறுக்க வழியில்லை, 135 வெள்ளி. மீதி ஐந்து நாட்களில் நடுவில் ஒரு 35 நிமிடம் லோரியே வரவில்லை. "அந்த 35 நிமிடம் சும்மாதானே இருந்தீங்க? மீதி 25 நிமிடத்துக்கு மட்டும் தர்றோம்" என்கிறது நிர்வாகம். ஐந்து நாளுக்கு 125 நிமிடம், 31 வெள்ளி 25 சென். ஆக நிர்வாகக் கணக்கில் 166 வெள்ளி 25 சென். வித்தியாசம் 43 வெள்ளி 75 சென்.

தகராறின் உண்மையான இடம் இந்த 43.75தான். லோரி வராத 35 நிமிடம் அவருடையதா, மில்லுடையதா? அறையில் அவர் ஒருத்தர்தான், மாற்றாள் இல்லை என்றால் அவர் கேண்டீனுக்குப் போயிருக்க முடியாது. அடுத்த லோரி எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. காத்திருந்ததும் கட்டுப்பட்டு இருந்த நேரம்தான் என்று அவர் தரப்பில் வாதாடலாம், என் பார்வையில் அதுதான் சட்டத்தின் சொற்களோடு ஒத்துப்போகிறது. மாறாக, "12:10லிருந்து 12:45 வரை கேட்டை மூடிவிடுகிறோம், போய்ச் சாப்பிடுங்கள்" என்று மேனேஜர் சொல்லி, அது நிஜமாகவே நடந்திருந்தால், அந்த 35 நிமிடம் ஓய்வுதான். ஒரே 35 நிமிடம், யார் கையில் கேட் இருந்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது.

"ஓவர்டைம் செய்ய முன் அனுமதி வாங்கவில்லையே" என்ற பதிலும் வரும். அந்த மத்தியான டிக்கெட்டுகளை வைத்துத்தான் மில் சிறுதோட்டக்காரர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்திருக்கிறது. வேலை நடந்தது தெரியாது என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

சனிக்கிழமையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. பல மென்பொருள்களில் விதி இப்படி இருக்கும்: வேலை ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம் கழி. அக்கா ஒரு மணிக்குக் கிளம்பினால் ஐந்து மணி நேரம், கழிவு இல்லை. கடைசி லோரிக்காக 20 நிமிடம் நின்று 1:20க்குக் கிளம்பினால் மெஷினுக்குக் கிடைப்பது 5 மணி 20 நிமிடம். ஐந்தைத் தாண்டிவிட்டது, ஒரு மணி நேரத்தை வெட்டு. மிச்சம் 4 மணி 20 நிமிடம். கூடுதலாக 20 நிமிடம் வேலை செய்தவர் 40 நிமிடம் குறைந்து போகிறார். மாதச் சம்பளக்காரர் என்றால் சீக்கிரம் போனவர் பட்டியலில் அவர் பெயர் வரும், மணிக்கூலிக்காரர் என்றால் நேராகவே காசு குறையும். திரையில் இது 4.33 என்று வேறு தெரியும், அதை நான்கு மணி முப்பத்து மூன்று நிமிடம் என்று வாசிக்கிறவர்களும் உண்டு. உங்கள் மில்லில் இந்த விதி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள சுலபமான வழி, கொஞ்சம் தாமதமாகக் கிளம்பிய ஒரு சனிக்கிழமையின் மணிக்கணக்கைச் சரியான நேரத்துக்குக் கிளம்பிய சனிக்கிழமையோடு வைத்துப் பார்ப்பது. தாமதமான நாளின் எண் சிறியதாக இருந்தால் விதி இருக்கிறது.

பாய்லரில் நிற்பவருக்கு நிலைமை வேறு. நெருப்பும் நீராவியும் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர முடியாது. சட்டத்துக்கும் இது தெரியும். தொடர்ந்து நடக்க வேண்டிய, ஆள் விலகாமல் இருக்க வேண்டிய வேலைக்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது: எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம், ஆனால் சாப்பிட வாய்ப்பாக மொத்தம் குறைந்தது 45 நிமிடம் அந்த எட்டு மணி நேரத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும். உள்ளேயே என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழிலிருந்து மூன்று வரை ஷிப்ட் என்றால் சாப்பாட்டு நேரமும் சேர்த்துத்தான் எட்டு. அதிலிருந்து தனியாக ஒரு மணி நேரத்தை எடுக்க அங்கே இடமே இல்லை.

அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் அவர் ஐந்து மணி வரை நின்றார் என்று வையுங்கள். பத்து மணி நேரம், இரண்டு மணி நேர ஓவர்டைம். ஆபிஸுக்குப் போட்ட அதே விதி அவருக்கும் ஓடினால் பத்திலிருந்து ஒன்று போய் ஒன்பது, ஓவர்டைம் ஒரு மணி நேரம்தான். இவருக்கும் சாட்சி உண்டு. பாய்லர் லாக் ஷீட்டில் மணிக்கொரு முறை நீராவி அழுத்தம், தண்ணீர் மட்டம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். சம்பளக் கணக்கு ஓய்வு என்று சொல்லும் பன்னிரண்டரைக்கு அவர் கையெழுத்து அழுத்தமானிக்குப் பக்கத்தில் இருந்தால், இரண்டு தாளில் ஒன்று தவறு.

அப்படியானால் எல்லாரையும் நான்கு முறை விரல் வைக்கச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுமா? முழுதாகத் தீராது. மெஷின் ஒன்றே ஒன்று, அதுவும் ஜாகா பொண்டோவில் இருக்கும். வேபிரிட்ஜிலிருந்து அதுவரை நடந்து, வரிசையில் நின்று, திரும்பி வருவதிலேயே ஓய்வில் ஒரு பங்கு போய்விடும். வருடக்கணக்காக முள்ளும் மட்டையும் பிடித்துத் தேய்ந்த விரலை மெஷின் படிக்காது, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் படிக்காது. விட்டுப்போன பதிவுகளை மாதக் கடைசியில் ஆபிஸில் கையால் நிரப்புவார்கள். சில இடங்களில் சூப்பர்வைசரே, "தம்பி, விரல் வச்சிட்டு வந்து இதை முடிச்சிடு" என்பார். அப்போது பதிவு ஓய்வு என்று சொல்லும், ஆள் வேலையில் இருப்பார். தானாகக் கழிப்பதைவிட இது மோசம், ஏனென்றால் இப்போது பொய்யில் தொழிலாளியின் விரலும் இருக்கிறது.

உண்மையான பதிவையும் நிரப்பிய பதிவையும் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். மனிதர்கள் 12:04, 12:11, 11:58 என்று முன்பின்னாகத்தான் வருவார்கள். மாதம் முழுக்க 12:00, 13:00 என்று நேர்கோடாக இருந்தால் அது விரல் வைத்தது இல்லை, தட்டச்சு செய்தது.

நடுவழியாக ஒன்று உண்டு. தானாகக் கழிக்கட்டும், ஆனால் ஓய்வு கிடைக்காத நாளில் தொழிலாளி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிப் போட வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளில் இந்த முறை பரவலாக இருந்து, நர்சுகள் தொடுத்த வழக்குகளும் நிறைய வந்தன. 2012இல் அங்கே ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சீட்டு எழுதும் வழி இருந்தும் அதைப் பயன்படுத்தாத ஒரு நர்சின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. எழுதிக் கொடுக்காவிட்டால் முதலாளிக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கேயும் நிர்வாகத் தரப்பு எடுத்து வைக்கும் முதல் வாதம் இதுதான்: சீட்டு இருக்கிறதே, ஏன் எழுதவில்லை? சீட்டு மேனேஜரின் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது, கேட்டால் முகம் சுளித்தார் என்பது உண்மையாக இருக்கலாம். அதையும் யாராவது காட்ட வேண்டியிருக்கும். கையெழுத்து வாங்க முடியாவிட்டால், "இன்று 12லிருந்து 1 வரை ஏழு லோரி, ஓய்வு இல்லை" என்று சூப்பர்வைசருக்கு அன்றே ஒரு வாட்ஸ்அப் அனுப்பி வைப்பது, ஆறு மாதம் கழித்து நீளமாக எழுதும் புகாரைவிடக் கனமானது.

பேசித் தீராவிட்டால் தொழிலாளர் இலாகா, அதாவது ஜாபத்தான் தெனாகா கெர்ஜா. அதே சட்டத்தின் 69ஆவது பிரிவின் கீழ் அதிகாரியே விசாரித்து, தர வேண்டிய தொகையைத் தரும்படி உத்தரவு போட முடியும். நாம் லேபர் கோர்ட் என்று சொல்வது இதைத்தான். வக்கீல் கட்டாயம் இல்லை. உத்தரவு பிடிக்காதவர் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். வேலை நேரம், சம்பளம் பற்றிய பதிவேடுகளை முதலாளி குறைந்தது ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 61ஆவது பிரிவு சொல்கிறது. சம்பளப் பாக்கியைக் கேட்கவும் பொதுவாக ஆறு வருடம்தான் காலவரம்பு. அக்காவுடைய 210 வெள்ளி ஒவ்வொரு மாதமும் அதே அளவில் இருந்தால் வருடத்துக்கு 2,520. பழைய மாதங்கள் ஒவ்வொன்றாக அந்த வரம்புக்கு வெளியே விழுந்துகொண்டே இருக்கும்.

கேட்கப் போகும்போது எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மணிக்கணக்கு வேண்டும் என்று கேட்டால் ஆபிஸ் கொடுப்பது விதி ஓடி முடிந்த தாள், அதில் எல்லா நாளும் 8.00 என்றே இருக்கும். கேட்க வேண்டியது மெஷினில் விழுந்த மூலப் பதிவை, விரல் வைத்த நேரங்கள் மட்டும் இருக்கும் பட்டியலை. அதோடு கையால் திருத்திய பதிவுகளை யார், எப்போது திருத்தினார்கள் என்ற விவரத்தையும், அதே தேதிகளுக்கான வேபிரிட்ஜ் அறிக்கையையோ லாக் ஷீட்டையோ கேட்க வேண்டும். எழுத்தில் கேட்டு நகல் வைத்துக்கொள்வது நல்லது. விரல் மெஷினின் நினைவகம் சிறியது. பதிவுகளை இறக்கிக்கொண்டு மெஷினைச் சுத்தம் செய்வது வழக்கம், புது மெஷின் வாங்கினால் பழையது ஸ்டோருக்குப் போய்விடும். ஆபிஸ் கம்ப்யூட்டரில் இறக்கிய கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்பதை மெஷினை மாற்றுவதற்கு முன் கேட்டால் பதில் கிடைக்கும், மாற்றிய பிறகு கேட்டால் ஸ்டோர் சாவி யாரிடம் என்ற பேச்சுத்தான் நடக்கும்.